ஐந்தில் இரண்டு பங்கு

ஆம்பூரில் புகழேந்தி சாரைத் தெரியாதவர் உண்டா என்று கேட்டால், உண்டு, நிறையப் பேர் உண்டு. ஆனால் அப்படி ஒருவர் இருக்க முடியும் என்பதைப் புகழேந்தி சார் இதுவரை நம்பியதில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்துவரும் பதினைந்து நிமிடத்தில் பத்துப் பேராவது வணக்கம் வைப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் காலையில் கிளம்புவார். இரண்டு பேர் குறைந்தால் முதல் பீரியடில் யாராவது ஒரு மாணவன் முட்டி போடுவான்.

பிறந்தது அணைக்கட்டுப் பக்கம். அப்பா சின்னசாமிக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும், பையன் அதில் கால் வைக்கக் கூடாது என்கிற பிடிவாதமும் இருந்தன. பையனுக்கும் அதே எண்ணம்தான். வேலூரில் பி.எஸ்ஸி., தபாலில் எம்.எஸ்ஸி., பிறகு பி.எட். அரசு ஆசிரியர் தேர்வை மூன்று முறை எழுதினார். மூன்று முறையும் வினாத்தாளில்தான் கோளாறு. கடைசியில் ஆம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து, இந்த ஜூன் வந்தால் இருபத்தேழாவது வருடம்.

அவருடைய பேர் பரவியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: லேஸ் முறை.

ஒன்பதாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் என்று ஒரு பாடம் வரும். ஒரு கோட்டுத்துண்டின் இரண்டு முனைகளையும் கொடுத்துவிட்டு, அதை இன்ன விகிதத்தில் பிரிக்கும் புள்ளி எங்கே என்று கேட்பார்கள். அதற்குப் பிரிவுச் சூத்திரம் என்று பெயர். விகிதத்தின் முதல் எண்ணை இரண்டாவது புள்ளியோடு பெருக்க வேண்டும், இரண்டாவது எண்ணை முதல் புள்ளியோடு பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்டி விகித எண்களின் கூடுதலால் வகுக்க வேண்டும். எது எதோடு என்பதில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நேதாஜி ரோட்டுக் கடையொன்றில் ஷூ வாங்கப் போன புகழேந்தி, கடைக்காரர் லேஸ் கோப்பதைப் பார்த்தார். இடது ஓட்டையிலிருந்து வலது பக்கம், வலது ஓட்டையிலிருந்து இடது பக்கம். ஷூவை வாங்காமலே ஓடி வந்துவிட்டார். மறுநாள் வகுப்பில் இரண்டு புள்ளிகளையும் மேலே எழுதி, விகித எண்களைக் கீழே எழுதி, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தார். "லேஸ் கட்டு, கூட்டு, வகு." அவ்வளவுதான்.

பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற ஊரில் அது பற்றிக்கொள்ளாமல் என்ன செய்யும். உலகத்தில் வேறொரு சூத்திரத்துக்கு ஏற்கெனவே ஷூ லேஸின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று யாரோ ஒருமுறை சொன்னார்கள். அவர்கள் தன்னைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் என்று புகழேந்தி சார் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

முறையில் தப்பு ஒன்றும் இல்லை. அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சரியான விகிதத்தைக் கீழே எழுதினால் சரியான விடை வரும். கீழே எழுதுவது சரியான விகிதம்தானா என்று பார்ப்பதற்கு மட்டும் அந்த முறையில் இடம் இல்லை. ஆரம்பத்தில் அவர் அதையும் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். வருடங்கள் போகப் போக நேரம் கம்மி, பிள்ளைகள் ஜாஸ்தி. விளக்கம் சுருங்கிச் சுருங்கி ஒரு வரியில் வந்து நின்றது. "கேள்வியில ரெண்டு நம்பர் கண்ல பட்டுச்சா, கீழ எழுது, லேஸ் கட்டு. ஏன் எதுக்குன்னு உக்காந்து யோசிச்சா மணி அடிச்சுடும்."

தன் பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியர் ட்யூஷன் எடுக்கக் கூடாது என்பது பள்ளியின் விதி. புகழேந்தி சாரும் எடுப்பதில்லை. அவருடைய மனைவி தேவகிதான் 'தேவகி மேத்ஸ் சென்டர்' நடத்துகிறார். தேவகி படித்தது தமிழ் இலக்கியம். மாலை ஐந்தரைக்கு அவர் வீட்டு மாடிக் கதவைத் திறந்துவைப்பார், எட்டு மணிக்குப் பூட்டுவார். நடுவில் உள்ளே நடப்பதற்கு அவர் பொறுப்பில்லை. ஒன்பதாம் வகுப்பின் மூன்று பிரிவுகளிலும் சேர்த்து நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள், அதில் அறுபத்தொரு பேர் அந்த மாடியில்தான் லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் பாரதியும் அந்த அறுபத்தொன்றில் ஒருத்தி. தெருவில் நடந்து வர வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் அவளுக்கு இருந்த சலுகை.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வுக்குக் கணக்கு வினாத்தாள் எடுத்ததும், அதற்கு விடைக்குறிப்பு எழுதியதும் புகழேந்தி சார்தான். இருபது வருடமாக அவர்தான். கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். விடைக்குறிப்பில் இன்னொரு ஆசிரியரும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று தலைமையாசிரியர் தௌசீப் அகமது ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அந்த இன்னொரு ஆசிரியர் ஜாஸ்மின். பாகாயத்திலிருந்து பஸ் மாறி வருகிற பெண், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

"இங்க ஒரு சைன் போடும்மா."

"ஒரு தடவ பாத்துட்டுப் போட்றேன் சார்."

"பாரு, பாரு. நான் போட்ட கீயில தப்பு கண்டுபிடிச்சா பிரேம் போட்டு மாட்டலாம்."

ஜாஸ்மின் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள். அதை நினைத்து அவள் பிறகு ரொம்ப வருத்தப்பட்டாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

எப்போதும் ஒரே மாதிரிக் கேள்வி கேட்கிறார் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் சொல்லிவிட்டதால், இந்த முறை புகழேந்தி சார் ஒரு பழைய புத்தகத்திலிருந்து புதுசாக ஒரு கேள்வியை எடுத்திருந்தார். ஐந்து மதிப்பெண். A என்ற புள்ளி (−3, 4). B என்ற புள்ளி (7, −6). AB என்ற கோட்டுத்துண்டின் மேல் P என்று ஒரு புள்ளி, AP என்பது AB-யில் ஐந்தில் இரண்டு பங்கு. P-யைக் கண்டுபிடி.

விடைக்குறிப்பு எழுத உட்கார்ந்தபோது அவர் கண்ணில் இரண்டு நம்பர் பட்டது. இரண்டு, ஐந்து. கீழே எழுதினார், லேஸ் கட்டினார். இரண்டை ஏழோடு பெருக்கினால் பதினான்கு. ஐந்தை மைனஸ் மூன்றோடு பெருக்கினால் மைனஸ் பதினைந்து. கூட்டினால் மைனஸ் ஒன்று, ஏழால் வகுத்தால் மைனஸ் ஏழில் ஒன்று. அதே போல இன்னொரு பக்கம் ஏழில் எட்டு. அரைகுறைப் பின்னமாக வந்ததே என்று யாருக்காவது ஒரு சந்தேகம் வரலாம். அவருக்கு வரவில்லை. கஷ்டமான கேள்விக்குக் கஷ்டமான விடை வருவது நியாயம்தானே.

தேர்வு முடிந்து விடைத்தாள் திருத்தும்போது ஜாஸ்மினுக்குத்தான் முதலில் உறுத்தியது. வரிசையாக எல்லோரும் மைனஸ் ஏழில் ஒன்று, ஏழில் எட்டு என்று எழுதியிருந்தார்கள். விடைக்குறிப்பிலும் அதுதான். முழு மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தவள், சௌந்தர்யா என்ற பெண்ணின் தாளில் நின்றாள். அவள் விடை (1, 0). அதற்கு மேல் நாலே வரி. முழுக் கோட்டை ஐந்து பங்கு ஆக்கினால் AP இரண்டு பங்கு, மீதி PB மூன்று பங்கு, ஆகவே விகிதம் இரண்டுக்கு மூன்று. பிறகு சூத்திரம்.

ஜாஸ்மின் விடைக்குறிப்பைத் திருப்பி, பின்பக்கத்தில் தானே போட்டுப் பார்த்தாள். (1, 0). இன்னொரு தடவை போட்டாள். அதேதான். கடைசியில் தன் கையெழுத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஆசிரியர் அறையில் புகழேந்தி சார் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த அஞ்சு மார்க் கேள்வி. AP-க்கும் PB-க்கும்தானே விகிதம் எடுக்கணும். அஞ்சு முழுசு சார். ரெண்டு போனா மூணுதான் மிச்சம். நாம ரெண்டுக்கு அஞ்சுன்னு போட்டுட்டோம்."

"நாம இல்லம்மா, நான். நான் போட்டேன்."

"அதான் சார்."

"எத்தனை பேர் கீ மாதிரி எழுதியிருக்காங்க?"

"அறுபத்தோரு பேர்."

"அந்தப் பொண்ணு மாதிரி?"

"ஒன்பது பேர்."

புகழேந்தி சார் கப்பைக் கீழே வைத்தார். "அறுபத்தோரு பேர் ஒண்ணு சேந்து ஒரே மாதிரி தப்பு பண்ணுவாங்களாம்மா?"

பண்ணுவார்கள், ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தால் பண்ணுவார்கள் என்று ஜாஸ்மின் நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்குப் பாகாயம் வீட்டில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருக்கிறார், இந்த வேலை வேண்டும். நாக்கு நுனியிலேயே நிறுத்திக்கொண்டாள்.

அவள் போன பிறகு புகழேந்தி சார் ஒரு கிராப் தாளை எடுத்து, யாரும் பார்க்காதபடி A-யையும் B-யையும் குறித்து ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தார். இருபத்தாறு வருடத்தில் இந்தச் சூத்திரத்துக்காக அவர் கிராப் போட்டது அதுதான் முதல் தடவை. (1, 0) கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருந்தது, நடுப்புள்ளிக்குச் சற்று முன்னால், ஐந்தில் இரண்டு பங்கு இருக்க வேண்டிய இடத்தில். அதன் பிறகு தன்னுடைய புள்ளியையும் குறித்துப் பார்த்தார். அதுவும் கோட்டின் மேலேயே இருந்தது. ஏழில் இரண்டு பங்கில் இருந்தது என்பது வேறு விஷயம்.

"கோட்டு மேலதான் இருக்கு," என்று வாய்விட்டே சொன்னார். மனசு கொஞ்சம் லேசாயிற்று. கிராப் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விடைக்குறிப்பை மாற்றவில்லை.

தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இதில் ஒளிவுமறைவு வேண்டாம். மாற்றாததற்குக் காரணம், மாற்றினால் அவருடைய அறுபத்தொரு பேருக்கும் ஐந்து ஐந்து மதிப்பெண் போகும். அவர்கள் வீட்டில் ஏன் என்று கேட்பார்கள். லேஸ் முறை என்கிற பெயர் சந்தி சிரிக்கும். மாற்றாவிட்டால் ஒன்பது பேருக்குத்தான் ஐந்து மதிப்பெண் போகிறது. ஒன்பதா அறுபத்தொன்றா என்று பார்த்தால் நியாயம் எந்தப் பக்கம் என்று அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை.

ஆனால் அந்த ஒன்பதில் சௌந்தர்யாவுக்கு மட்டும் அந்த ஐந்து மதிப்பெண் உயிர்நாடி. பத்தாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்குக் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்து முதல் நாற்பது பேரைத்தான் எடுப்பார்கள். 'ஏ' பிரிவுக்கு வருடம் முழுக்க ஒரே கணக்கு ஆசிரியர் வருவார். மற்ற இரண்டு பிரிவுகளுக்குப் போன வருடம் மூன்று பேர் மாறி மாறி வந்தார்கள், நடுவில் இரண்டு மாதம் விளையாட்டு ஆசிரியர் வந்து உட்கார்ந்து ஹிந்து பேப்பர் படித்தார். நாற்பதாவது ஆள் வாங்கியது எண்பது. சௌந்தர்யா எழுபத்தெட்டு.

விடைத்தாளைப் பெற்றோருக்குக் காட்டும் நாள் அந்தச் சனிக்கிழமை வைத்தார்கள். ஒன்பதாம் வகுப்பு அறையில் பெஞ்சுகளை ஓரமாகப் போட்டு, மேஜைக்குப் பின்னால் புகழேந்தி சார், பக்கத்தில் ஜாஸ்மின். ட்யூஷன் பெற்றோர்கள் சீக்கிரமே வந்து சூழ்ந்துகொண்டார்கள். நடுவில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு அம்மாள் வரிசையில் வந்து நின்றாள். சௌந்தர்யாவின் அம்மா மோகனா. மாதனூரிலிருந்து வருகிறவள், இங்கே ஒரு ஷூ கம்பெனியில் செருப்பு வாரில் ஓட்டை போடக் குறி வைக்கும் பிரிவில் இருக்கிறாள். இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டு வந்திருந்தாள். பக்கத்தில் சௌந்தர்யா, அம்மா எதுவும் பேசிவிடக் கூடாதே என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு.

மோகனா தாளைப் புரட்டி, சுழியம் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது இன்னா சார், அஞ்சுக்கு ஒண்ணுமே போடல?"

"விடை தப்பும்மா."

"சரியான விடை எது சார்?"

புகழேந்தி சார் சொன்னார். மைனஸ் ஏழில் ஒன்று, ஏழில் எட்டு.

மோகனா கேள்வியைப் படித்தாள். அவசரப்படாமல், உதடு அசைய, இரண்டு தடவை படித்தாள். பத்தாவது வரை படித்தவள், படிப்பை நிறுத்தியது அவள் முடிவு இல்லை.

"மைனஸ் மூணுல இருந்து ஏழு வரைக்கும் எவ்ளோ சார்?"

"பத்து. அதெல்லாம் எதுக்கும்மா இப்போ."

"பத்துல அஞ்சுல ரெண்டு பங்கு நாலு. மைனஸ் மூணுல இருந்து நாலு தள்ளி வந்தா ஒண்ணு. எம் பொண்ணு ஒண்ணுன்னு போட்டிருக்கா. அந்தப் பக்கமும் அப்டித்தான். நாலுல இருந்து மைனஸ் ஆறுக்குப் போக பத்து எறங்கணும். நாலு எறங்கினா சைபர். அவ சைபர் போட்டிருக்கா. இதுல இன்னா தப்பு?"

"இதுக்கு ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கும்மா. உங்களுக்குச் சொன்னா புரியாது."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவர் சொல்லியிருக்கக் கூடாது. மோகனா முந்தானையைப் பிடித்திருந்த மகளின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"எனக்குப் புரியாது சார். நான் நாள் பூரா வார்ல குறி வெக்கறவ. வாரோட நீளத்துல அஞ்சுல ரெண்டு பங்கு தள்ளி ஓட்டைன்னு சீட்டுல எழுதியிருக்கும். நான் வார அஞ்சா பிரிப்பேன். நீங்க சொல்ற மாதிரி ஏழா பிரிச்சேன்னு வெச்சுக்கோங்க, ஓட்டை முன்னாடி போய்டும். சூப்பர்வைசர் பீஸைத் தூக்கி மூஞ்சியிலயே அடிப்பாரு. அவரும் ஃபார்முலால்லாம் கேக்க மாட்டாரு."

சூழ்ந்து நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது ட்யூஷன் பெற்றோர் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான் புகழேந்தி சாருக்குக் கொடுமையாக இருந்தது. இன்பராஜ் என்பவர், தன் பையனை மூன்று வருடமாக அந்த மாடிக்கு அனுப்புகிறவர், தோல் வெட்டும் பிரிவில் சூப்பர்வைசர். அவர் எட்டிக் கேள்வியைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அந்தம்மா சொல்றது கரெக்ட்டு சார். அஞ்சுல ரெண்டுன்னா மிச்சம் மூணுதான். எங்க பையன் ஏழுன்னா போட்டிருக்கான்? நீங்க அதுக்கு முழு மார்க்கும் போட்டுக்கீறீங்களே."

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது, கணக்கு ஆசிரியர் மட்டும்தான் புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் தௌசீப் அகமது வந்தார். எந்தப் பேஜாரையும் வாசல் தாண்டவிடாமல் முடித்துவைப்பதில் கைதேர்ந்தவர். விஷயத்தைக் கேட்டார், ஜாஸ்மின் முகத்தைப் பார்த்தார், புகழேந்தி சார் முகத்தைப் பார்த்தார்.

"ஒண்ணு பண்ணலாம். அந்தக் கேள்வியை முயற்சி பண்ண எல்லாருக்கும் அஞ்சு மார்க் குடுத்துடுவோம். யாருக்கும் நஷ்டம் இல்ல. இன்னா சொல்றீங்க புகழேந்தி சார்?"

புகழேந்தி சாருக்கு உயிர் திரும்பி வந்தது. "ரொம்ப நல்ல யோசனை சார். எனக்கும் அதுதான் மனசுல இருந்தது."

சௌந்தர்யாவுக்கு எண்பத்து மூன்று வந்துவிடும், 'ஏ' பிரிவு கிடைத்துவிடும். மோகனா வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். பர்மிஷன் நேரமும் முடியப் போகிறது.

"அப்போ எம் பொண்ணு போட்டதும் சரி, அவங்க போட்டதும் சரியா சார்?"

"அப்படி வெச்சுக்கலாமேம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"எப்டி வெச்சுக்கறது சார். ஒரு வார்ல ஒரு ஓட்டைதான். ரெண்டு எடத்துல குத்தினா அது கழிவு. எம் பொண்ணுக்கு சும்மா போட்ற மார்க் வேணாம். அவ போட்டது சரின்னா டிக் போடுங்க. தப்புன்னா சைபரே இருக்கட்டும், நான் சைன் பண்ணிட்டுப் போறேன்."

சௌந்தர்யா தலையைக் குனிந்துகொண்டாள். ஜாஸ்மின்தான் பேசினாள். "கீ தப்பு சார். நானும் பாக்காம சைன் போட்டுட்டேன். அந்தப் பொண்ணு போட்டதுதான் சரி."

எல்லோரும் புகழேந்தி சாரையே பார்த்தார்கள். இந்த ஊரில் தன்னைத் தெரியாதவர் இல்லை என்று இத்தனை வருடம் பெருமைப்பட்ட மனிதர், அந்த நிமிடம் தன்னை யாருக்கும் தெரியாத ஒரு ஊருக்குப் போய்விட ஆசைப்பட்டார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"இத நானே இன்னிக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். விடைக்குறிப்புல ஒரு அச்சுப்பிழை."

விடைக்குறிப்பு அவருடைய கையெழுத்தில், அவருடைய பச்சை மையில், மேஜை மேலேயே கிடந்தது. அச்சு எங்கே இருந்தது, பிழை எப்படி வந்தது என்று தலைமையாசிரியர் கேட்கவில்லை. அவருக்கு வேலை முடிந்தால் போதும். புகழேந்தி சார் சௌந்தர்யாவின் தாளை வாங்கி, சுழியத்தை அடித்து, ஐந்து போட்டு, எழுபத்தெட்டை எண்பத்து மூன்று ஆக்கினார். பக்கத்தில் 'வெரி குட்' என்றும் எழுதினார். மோகனா அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

மதியம் எல்லாத் தாள்களையும் மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. தன் ட்யூஷன் பிள்ளைகளின் அறுபத்தொரு தாளையும் புகழேந்தி சாரே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் மனம் இப்போது நன்றாகத் தேறியிருந்தது. தப்பை ஒத்துக்கொள்ள எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று யோசித்து, அப்படி ஒரு மனசு தனக்கு இருப்பதை எண்ணிக் கொஞ்சம் கண் கலங்கவும் செய்தார். ஒவ்வொரு தாளாக எடுத்து, ஐந்தை அடித்துச் சுழியம் போட்டார். அறுபத்தொரு தாளிலும் ஒரே மாதிரி லேஸ், ஒரே இடத்தில் முடிச்சு. தன் கையெழுத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பாரதியின் தாள் நாற்பதாவதோ என்னவோ வந்தது. தொண்ணூற்றேழு வாங்கியிருந்தாள். ஜாஸ்மின் திருத்தியது, முதல் தடவை அவர் மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருந்தார். இப்போது அந்தக் கேள்விக்கு வந்தார். அங்கே இரண்டு விடை இருந்தது.

மேலே, பாரதியின் குண்டு குண்டான எழுத்தில்: AP இரண்டு பங்கு, PB மூன்று பங்கு, விகிதம் 2 : 3. பக்கத்தில் ஒரு சின்னப் படம். சூத்திரம், பெருக்கல், கூட்டல், (1, 0). எல்லாம் பிசகில்லாமல். அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு இழுத்து அடித்திருந்தாள். அதற்குக் கீழே லேஸ், மைனஸ் ஏழில் ஒன்று, ஏழில் எட்டு, அதைச் சுற்றிப் பெட்டி.

மகள் வெளி வராந்தாவில், அவரோடு வீட்டுக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டார். தாளைக் காட்டினார்.

"இது இன்னாது?"

பாரதி பார்த்தாள். "மேல இருக்கறது சரி. கீழ இருக்கறது தப்பு."

"தெரிஞ்சேதான் அடிச்சியா?"

"தெரிஞ்சுதான்ப்பா. எக்ஸாமுக்கு முந்தின நாள் சாப்பாட்டு டைம்ல சௌந்தர்யாவுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன், இந்த மாதிரி வந்தா முழுசுலேர்ந்து கழிச்சு மீதிய எடுக்கணும்னு. எக்ஸாம்ல நானும் அப்டித்தான் போட்டேன். அப்புறம் கீ யாரு எழுதியிருப்பாங்கன்னு யோசிச்சேன். நீங்க லேஸ்தான் கட்டியிருப்பீங்கன்னு தெரியும். அதான்."

கோபப்படலாமா என்று புகழேந்தி சார் ஒரு நிமிடம் பார்த்தார். வரவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. வீட்லதானே இருக்கேன்."

"ஏழாவதுல ஒருதடவ சொன்னேனே. போர்டுல நீங்க போட்டதுல மைனஸ் விட்டுப் போச்சுன்னு. வீட்டுக்கு வந்து நாலு நாள் நீங்க எங்கிட்ட பேசல."

அவருக்கு நினைவில்லை. நிஜமாகவே நினைவில்லை. மைனஸும் நினைவில்லை, நாலு நாளும் நினைவில்லை.

பாரதி மேஜையில் இருந்த தாளைத் தன் பக்கம் திருப்பினாள். "இதுக்கு இப்போ எவ்ளோ போடுவீங்க? அடிச்ச விடைய திருத்தக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

விதி அதுதான். கோடு போட்டு அடித்த விடையைத் திருத்தக் கூடாது, அடிக்காமல் விட்ட விடையைத்தான் திருத்த வேண்டும். அவர் பச்சைப் பேனாவை எடுத்துச் சுழியம் போட்டார். தொண்ணூற்றேழை அடித்துத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார்.

"சௌந்தர்யாவால தைரியமா எழுத முடிஞ்சுது," என்றார், எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக. "உனக்கு ஏன் பயம்? நான் உன் அப்பாதானே."

"அதாம்ப்பா," என்றாள் பாரதி. "அவங்கம்மா உங்ககிட்ட சண்ட போட்டுட்டு அவள கூட்டிக்கினு போய்ட்டாங்க. நான் உங்க கூடத்தானே வீட்டுக்கு வரணும்."

புத்தகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் எழுந்து வருவதற்காக நின்றாள்.